பேச்சுப் பதிவிலிருந்து அறிக்கைக்கு: நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும்போது எழும் கேள்விகள்

விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தில் இறக்கி, அதிலிருந்து அறிக்கை தயாரிப்பது பல ஆண்டுகளாக என் வேலை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை கீழே உள்ளன. எல்லாவற்றுக்கும் ஒரே எடுத்துக்காட்டையே வைத்துக்கொள்கிறேன். அது இதற்காக நான் அமைத்துக்கொண்ட நிகழ்வு: ஓர் அலுவலகத்தின் ஆவண அறையில் இரவில் தண்ணீர் புகுந்து கோப்புகள் நனைந்துவிட்டன. நடந்தது 12.03.2024, செவ்வாய்க்கிழமை இரவு. அறையைக் கவனிக்கும் பராமரிப்பாளரிடம் 14.03.2024, வியாழக்கிழமை விசாரணை நடந்தது.

சொன்னதை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டால் என்ன? எதற்கு மாற்ற வேண்டும்?

சிறிய பதிவென்றால் போடலாம். நாற்பது பக்கப் பேச்சை அப்படியே போட்டால் அது அறிக்கையாகாது, பதிவின் படியாகத்தான் இருக்கும். பேச்சில் ஒருவர் ஒரே செய்தியை மூன்று முறை சொல்வார், நடுவில் வேறெதற்கோ போவார், "அது வந்து" என்று இழுப்பார். படிப்பவருக்கு யார் என்ன சொன்னார் என்பது ஒழுங்காகத் தெரிய வேண்டும். அதைத் தருவது அயற்கூற்று. சில சொற்களை மட்டும் அப்படியே வைக்க வேண்டியிருக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

"என்று கூறினார்", "வந்ததாகக் கூறினார்" இரண்டில் எதை எழுதுவது?

இரண்டும் சரிதான். ஆனால் இரண்டும் வாக்கியத்துக்குள் வேறு வேறு வேலையைச் செய்கின்றன. இது பிடிபட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

"என்று" தனக்கு முன்னால் ஒரு முழு வாக்கியத்தை அப்படியே ஏற்கும். முழு வாக்கியம் என்றால் வினைமுற்று இருக்கும், வினைமுற்றில் இடவிகுதி இருக்கும். "நான் போனேன் என்று கூறினார்" என்பதில் "போனேன்" என்ற தன்மை விகுதி அப்படியே நிற்கிறது. அதனால் அது பாதி நேர்க்கூற்றாகவே இருக்கிறது. "-தாக" அப்படியில்லை. அது வினையைப் பெயராக்கிவிடுகிறது. "போனேன்" என்பது "போனது" ஆகி, "ஆக" சேர்ந்து "போனதாக" ஆகிறது. யார் போனார் என்பதைக் காட்டும் விகுதி அங்கே இல்லை. ஆகவே "நான்" என்பதைத் "தாம்" என்று மாற்றினாலும் வினையோடு முட்டாது: "தாம் போனதாகக் கூறினார்."

இதைக் கவனிக்காததால்தான் "தான் போனேன் என்று கூறினார்" போன்ற வாக்கியங்கள் வருகின்றன. பேச்சில் அது சகஜம். அறிக்கையில் எழுவாய் படர்க்கை, வினை தன்மை என்று இரண்டு திசையில் இழுக்கும். "போனேன்", "பார்த்தோம்", "வருவாய்" என்று விகுதி உள்ள வினைகளைத் "-தாக" வழியில் கொண்டுபோனால் சிக்கலே இல்லை.

சில வினைகளில் பேசுபவரைக் காட்டும் விகுதியே கிடையாது: வரவில்லை, தெரியாது, தெரியும், முடியாது, வேண்டும், கூடாது, வரலாம். இவற்றை "என்று" வழியில் தயங்காமல் எழுதலாம். "தமக்குத் தெரியாது என்று கூறினார்", "தாம் அறையைப் பூட்டவில்லை என்று கூறினார்" என்பவை உறுத்தாமல் அமைகின்றன. எதிர்மறையைத் "-தாக" வழியில் கொண்டுபோனால் "பூட்டாததாகக் கூறினார்" என்று வரும். இலக்கணப் பிழை இல்லை, ஆனால் காதுக்கு உறுத்துகிறது. அதனால் எதிர்மறைக்கு "என்று" என்பதே என் வழக்கம்.

ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரலாமா என்று அடுத்து கேட்பார்கள். வரலாம். "ஆட்கள் வந்திருந்ததாகவும், தாம் உள்ளே செல்லவில்லை என்றும் கூறினார்" என்பதில் குறை இல்லை. ஆனால் ஒரு "கூறினார்" மேல் ஐந்தாறு "-ஆகவும்"களை ஏற்றாதீர்கள். மூன்றைத் தாண்டினால் படிப்பவருக்கு முதல் செய்தி மறந்துவிடும்.

தானா, தாமா?

"கூறினார்" என்று மரியாதையோடு முடிக்கிறீர்கள் என்றால் "தாம், தமது, தமக்கு, தம்மை". "கூறினான்", "கூறினாள்" என்று முடிப்பவர்களுக்குத்தான் "தான், தனது". அறிக்கையில் எல்லோரையும் "ஆர்" விகுதியில் எழுதுவதால் "தாம்" என்பதே நிலையான வடிவம். நாளிதழ்களில் "தான் ... கூறினார்" என்று வருகிறதே என்றால், ஆம், வருகிறது. அறிக்கையில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றையே பிடித்துக்கொள்வது நல்லது. நான்காம் பக்கத்தில் "தனது" என்றும் ஐந்தாம் பக்கத்தில் "தமது" என்றும் இருந்தால் வேறு யாரையோ சொல்கிறோமோ என்று படிப்பவர் நிற்பார்.

இன்னொன்று. பேச்சில் வரும் "நான்தான்" என்பதில் உள்ள "தான்" அழுத்தம். அது "தாம்" ஆகாது. "நான்தான் பூட்டுவேன்" என்பதைத் "தாம் பூட்டுவதாகக் கூறினார்" என்று எழுதினால் அழுத்தம் போய்விடும். "பூட்டுபவர் தாமே என்று கூறினார்" என்று ஏகாரம் கொடுங்கள். வேறு யாரும் பூட்டமாட்டார்கள் என்பதுதான் விசாரணையில் அவர் சொல்ல வந்தது.

"நாம", "நாங்க" இரண்டுமே "தாங்கள்" ஆகிவிடுகிறதே, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விட முடியாது. "நாங்கள்" என்றால் கேட்பவர் அதில் இல்லை. "நாம்" என்றால் கேட்பவரும் உண்டு. அயற்கூற்றில் இரண்டும் "தாங்கள்" என்ற ஒரே சொல்லில் போய் விழுகின்றன. பராமரிப்பாளர் தம் மேற்பார்வையாளரைப் பார்த்து, "அன்னிக்கு நாம சேர்ந்துதானே முடிவு பண்ணினோம்?" என்று சொல்லியிருந்தால், முடிவில் மேற்பார்வையாளருக்கும் பங்கு உண்டு என்பதே அதன் உயிர். "தாங்கள் சேர்ந்து முடிவு செய்ததாக" என்று எழுதினால் அந்தப் பங்கு கண்ணில் படாது. வேறு இரண்டு பணியாளர்கள் முடிவு செய்ததாகவும் படிக்கலாம்.

ஆகவே இந்த இடத்தில் பிரதிப்பெயரையே விட்டுவிடுங்கள். "தாமும் மேற்பார்வையாளரும் சேர்ந்து முடிவு செய்ததாக" என்று ஆட்களைச் சொல்லுங்கள். "நாங்க" என்று மட்டும் வந்து யார் யார் என்று பதிவில் தெரியாவிட்டால் "தாங்கள்" என்றே வையுங்கள். நாமாக ஆளைச் சேர்க்கக் கூடாது. முடிந்தால் பேசியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

"குழாய் திறந்திருந்ததைத் தெரிவித்தார்" என்று எழுதினேன். மேலதிகாரி "திறந்திருந்ததாக" என்று திருத்தினார். என்ன வித்தியாசம்?

உங்கள் மேலதிகாரி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். அயற்கூற்றில் நான் மிகவும் அஞ்சும் எழுத்து இந்த "ஐ" தான்.

"குழாய் திறந்திருந்ததாகத் தெரிவித்தார்" என்றால், அவர் அப்படிச் சொன்னார், அவ்வளவுதான். உண்மையா இல்லையா என்பதற்கு எழுதியவர் பொறுப்பேற்கவில்லை. "குழாய் திறந்திருந்ததைத் தெரிவித்தார்" என்றால், குழாய் திறந்திருந்தது உண்மை, அந்த உண்மையை அவர் வந்து சொன்னார் என்று ஆகிறது. உறுதி சொல்வது இப்போது அறிக்கை எழுதியவர். "என்பதை" என்பதும் அப்படியே: "அறை பூட்டப்படவில்லை என்பதைக் கூறினார்" என்றால் பூட்டப்படாதது முடிந்துபோன உண்மையாகிவிடுகிறது. "என்று", "என", "-ஆக" மூன்றும் விலகி நிற்கும். "-ஐ", "என்பதை" இரண்டும் கையெழுத்துப் போட்டுவிடும்.

ஆரம்ப காலத்தில் நான் எழுதிய ஓர் அறிக்கையை, அதில் சாட்சி சொன்னவர் படித்துப் பார்க்க வந்தார். ஒரு பத்தியில் விரலை வைத்து, "நான் கேள்விப்பட்டேன்னுதானே சொன்னேன், நீங்க நடந்ததாவே எழுதியிருக்கீங்களே" என்றார். நான் சேர்த்திருந்தது ஓர் "ஐ" மட்டும். அவர் கேட்டிருக்காவிட்டால் அது அப்படியே போயிருக்கும்.

கூறுவினையிலும் இதே கண்ணி இருக்கிறது. "கூறினார்", "தெரிவித்தார்", "பதிலளித்தார்" என்பவை எந்தப் பக்கமும் சாயாதவை. "ஒப்புக்கொண்டார்", "சுட்டிக்காட்டினார்", "நினைவூட்டினார்", "வெளிப்படுத்தினார்" என்பவை சொல்லப்பட்டது உண்மை என்று வைத்துக்கொண்டு பேசுகின்றன. "ஒப்புக்கொண்டார்" என்பதில் ஒரு குற்றத்தின் நிழலும் சேர்ந்து வரும். பராமரிப்பாளர் "நான் பூட்டல" என்று சாதாரணமாகச் சொன்னதை "பூட்டாமல் சென்றதை ஒப்புக்கொண்டார்" என்று எழுதினால் தீர்ப்பே எழுதிவிட்டீர்கள். "வாதிட்டார்", "சொல்லிக்கொண்டார்" என்பவை நேர்மாறாக, அவர் சொல்வதை நாம் நம்பவில்லை என்ற தொனியைக் கொடுக்கும். "வந்தாராம்" என்ற "ஆம்" விகுதிக்கும் அறிக்கையில் இடமில்லை.

"மறுத்தார்" என்பதில் கூடுதல் கவனம் வேண்டும். "குழாயைத் திறந்துவிட்டுச் சென்றதை மறுத்தார்" என்று எழுதினால், திறந்துவிட்டுச் சென்றது நடந்ததுதான், இவர் இல்லை என்கிறார் என்று படிக்க இடமுண்டு. "குழாயைத் திறந்துவிட்டுச் சென்றதாகக் கூறப்படுவதை மறுத்தார்" என்றோ, "தாம் குழாயைத் திறக்கவில்லை என்று கூறினார்" என்றோ எழுதினால் அந்த வழி அடைபடும். இரண்டாவதே நேரானது.

ஒரே பக்கத்தில் "கூறினார்" பத்து முறை வருகிறதே, அழகாக இல்லையே என்பார்கள். வரட்டும். அழகுக்காக "கூறினார்" என்பதைச் "சுட்டிக்காட்டினார்" ஆக்குவதுதான் ஆபத்து. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் "தெரிவித்தார்", "பதிலளித்தார்", "என்றார்" மூன்றுக்குள் சுற்றுங்கள்.

அறிக்கை முழுவதும் இறந்தகாலத்தில் இருக்கிறது. "சாவி அவர்ட்ட இருக்கு" என்பதை "இருந்ததாக" என்று மாற்ற வேண்டுமா?

வேண்டாம். தமிழில் "கூறினார்" இறந்தகாலமாக இருப்பதால் உள்ளே இருக்கும் வினையும் இறந்தகாலத்துக்கு நகர வேண்டும் என்ற விதி இல்லை. பேசியபோது அவருக்கு எது நிகழ்காலமோ அது அப்படியே நிற்கும்: "சாவி மேற்பார்வையாளரிடம் இருப்பதாகக் கூறினார்." இதை "இருந்ததாக" என்று மாற்றினால், முன்பு இருந்தது, விசாரணையின்போது இல்லை என்று பொருள் புரண்டுவிடும். வேறு மொழி அறிக்கைகளைப் பார்த்துப் பழகியவர்களிடம் இந்தப் பிழை அதிகம்.

வேறொரு சிக்கல் உண்மையிலேயே உண்டு. "-வதாக" என்ற வடிவம் நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் பொதுவானது. "குழாய் ஒழுகுது" என்பதும் "குழாய் ஒழுகும்" என்பதும் "ஒழுகுவதாக" என்றே ஆகின்றன. காலம் முக்கியமான இடத்தில் ஒரு காலச்சொல்லாலோ வேறு வினை வடிவத்தாலோ பிரித்துக்காட்டலாம்: "குழாய் இன்னும் ஒழுகுகிறது என்று கூறினார்", அல்லது எதிர்காலம் என்றால் "சாவியைத் தரவிருப்பதாகக் கூறினார்". இந்த இடங்களில் "-தாக" வழியை விட்டு "என்று" வழிக்கு வருவது எளிது. வினைமுற்று காலத்தை வெளிப்படையாகக் காட்டிவிடும்.

நேற்று, நாளை, இங்கே எல்லாம்?

மரபுப்படி "இன்று" அன்று ஆகும், "நேற்று" முந்தைய நாள் ஆகும், "நாளை" மறுநாள் ஆகும், "இப்போது" அப்போது ஆகும், "இங்கே" அங்கே ஆகும். விசாரணை அறிக்கையில் இதோடு நிற்காமல் தேதியையும் அடைப்புக்குள் கொடுப்பது என் பழக்கம்: "முந்தைய நாள் (13.03.2024)". அடைப்புக்குள் இருப்பது நாம் கணக்கிட்டுச் சேர்த்தது என்று படிப்பவருக்குத் தெரியும். கணக்கு தவறினாலும் சாட்சியின் சொல் பக்கத்திலேயே இருக்கும்.

கணக்கிடும்போது யாருடைய நாளிலிருந்து எண்ணுகிறோம் என்று பாருங்கள். வியாழக்கிழமை விசாரணையில் பராமரிப்பாளர் தாமாகச் சொல்லும் "நேத்து" புதன்கிழமை. ஆனால் மேற்பார்வையாளர் செவ்வாய்க்கிழமை சொன்னதாக அவர் எடுத்துச் சொல்லும் பேச்சுக்குள் வரும் "நாளைக்கு" என்பதும் புதன்கிழமைதான், வெள்ளிக்கிழமை இல்லை. விசாரணை நாளிலிருந்து எண்ணினால் இரண்டு நாள் பிசகிவிடும்.

"வா", "போ" என்ற வினைகளுக்குள்ளும் இடம் ஒளிந்திருக்கிறது. பேசியவர் ஆவண அறையில் நின்றுகொண்டு "இங்க வந்தாரு" என்று சொன்னது, வேறிடத்தில் எழுதப்படும் அறிக்கையில் "அங்குச் சென்றதாக" ஆகும்.

கேள்வியையும் கட்டளையையும் எப்படி மாற்றுவது?

கேள்வி "என்று கேட்டார்" என்று முடியும், கேள்விக்குறி போகும். எதிரில் இருப்பவரைப் பார்த்துக் கேட்டது படர்க்கையாகும்: "எப்ப கிளம்பினீங்க?" என்பது "எப்போது கிளம்பினார் என்று கேட்கப்பட்டது". கட்டளைக்கு "-மாறு", "-படி" இருக்கின்றன: "கிளம்பு" என்பது "கிளம்புமாறு கூறினார்". எதிர்மறைக் கட்டளை "தொட வேண்டாம் என்று கூறினார்" என்றாகும். சொன்னவருக்கு அதிகாரம் இருந்தால் "உத்தரவிட்டார்", இல்லையென்றால் "கேட்டுக்கொண்டார்". இந்த வேறுபாட்டைப் பதிவில் உள்ள தொனியை வைத்து முடிவு செய்யாமல், அவர் பொறுப்பு என்ன என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். உறுதியில்லாவிட்டால் "கூறினார்" போதும்.

அலுவலர் நீளமாகக் கேட்கிறார், சாட்சி "ஆமா" என்று மட்டும் சொல்கிறார். அந்த நீளமான வாக்கியத்தைச் சாட்சி கூறியதாக எழுதலாமா?

எழுதாதீர்கள். "நீங்கதான் கடைசியா உள்ள போனீங்க, அப்ப குழாய் சரியா மூடல, அப்படித்தானே?" என்று அலுவலர் கேட்டு, பராமரிப்பாளர் "ஆமா" என்கிறார். இதைத் "தாமே கடைசியாக உள்ளே சென்றதாகவும் குழாய் சரியாக மூடப்படவில்லை என்றும் பராமரிப்பாளர் கூறினார்" என்று எழுதினால் அலுவலரின் சொற்கள் அனைத்தும் சாட்சியின் வாயில் போய்விடும். அவர் எதற்கு "ஆமா" சொன்னார் என்பதும் தெரியாது. கடைசியாகப் போனதற்கு மட்டுமே சொல்லியிருக்கலாம். கேள்வியைக் கேள்வியாகவே வையுங்கள்: "கடைசியாக உள்ளே சென்றவர் அவர்தானா, அப்போது குழாய் சரியாக மூடப்படவில்லையா என்று கேட்டதற்கு, பராமரிப்பாளர் ஆம் என்று பதிலளித்தார்." ஒரு வரி கூடும். ஆனால் சொல் யாருடையதோ அவரிடமே இருக்கும்.

எதிர்மறைக் கேள்விக்கு வரும் ஒற்றைச்சொல் பதில் இன்னும் சிக்கல். "நீங்க பூட்டலையா?" என்ற கேள்விக்கு "ஆமா" என்றால் "ஆமாம், பூட்டவில்லை" என்றே பெரும்பாலும் பொருள். "இல்ல" என்றால்? "இல்லை, பூட்டவில்லை" என்றும் இருக்கலாம், "இல்லையே, பூட்டினேனே" என்றும் இருக்கலாம். ஒலிப்பதிவில் குரலின் ஏற்ற இறக்கம் உதவும். எழுத்தில் இறக்கிய பதிவை மட்டும் கையில் வைத்திருந்தால் அந்த உதவியும் இல்லை. அடுத்த வாக்கியத்தில் தெளிவு கிடைத்தால் அதைக் கொண்டு எழுதுங்கள். கிடைக்காவிட்டால் "இல்லை என்றார்" என்றே விடுங்கள்.

சாட்சி இன்னொருவர் சொன்னதைச் சொல்கிறார். இரண்டு "தாம்" வந்து குழம்புகிறது. என்ன செய்வது?

ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: "தாம்" அறிக்கையில் பேசிக்கொண்டிருப்பவருக்கு மட்டும். அவர் எடுத்துச் சொல்லும் ஆளைப் பதவியாலோ பெயராலோ குறிப்பிடுங்கள். "மேற்பார்வையாளர் தாம் பார்த்துக்கொள்வதாகத் தம்மிடம் கூறியதாகத் தெரிவித்தார்" என்பதில் முதல் "தாம்" ஒருவர், இரண்டாவது "தம்" இன்னொருவர். "அறையை மேற்பார்வையாளரே பார்த்துக்கொள்வதாகத் தம்மிடம் கூறினார் என்று பராமரிப்பாளர் தெரிவித்தார்" என்று எழுதினால் தெளிவு. "கூறியதாகத் தெரிவித்தார்" என்று இரண்டு "-தாக" அடுக்காமல், உள்ளே ஒன்று, வெளியே "என்று" எனப் பிரிப்பதும் காதுக்கு நன்றாக இருக்கும்.

"போல", "னு நினைக்கிறேன்", "ஏதோ" போன்றவற்றை நீக்கிவிடலாமா?

"அது வந்து", "பாத்தீங்கன்னா" போகலாம். "ஆறு மணி போல" என்பதில் உள்ள "போல" போகக் கூடாது. அது "ஏறக்குறைய 6 மணிக்கு" என்று வர வேண்டும். "மூடியிருக்கும்னு நினைச்சேன்" என்பது "மூடியிருந்தது" ஆகாது. சாட்சி எவ்வளவு உறுதியோடு சொன்னாரோ அவ்வளவு உறுதிதான் அறிக்கையிலும் இருக்கலாம்.

ஒரு பகுதியை முழுதாக மாற்றிக் காட்டுங்களேன்.

பதிவில் உள்ளது இது:

அலுவலர்: செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீங்க அறையைப் பூட்டலையா?
பராமரிப்பாளர்: இல்ல.
அலுவலர்: இல்லன்னா?
பராமரிப்பாளர்: நான் பூட்டல சார். எப்பவும் நான்தான் பூட்டுவேன். அன்னிக்குக் குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்திருந்தாங்க. மேற்பார்வையாளர் வந்து, நீ கிளம்பு, நான் பாத்துக்கறேன், நாளைக்குச் சாவிய வாங்கிக்கோன்னு சொன்னாரு. நானும் சாவிய குடுத்துட்டு ஆறு மணி போல கிளம்பிட்டேன்.
அலுவலர்: குழாய் மூடியிருந்துச்சா?
பராமரிப்பாளர்: மூடியிருக்கும்னுதான் நினைச்சேன். போய்ப் பாக்கல.

புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் முதலில் எழுதிக்கொடுப்பது பெரும்பாலும் இப்படி இருக்கும்: "தாம் அறையைப் பூட்டாமல் சென்றதைப் பராமரிப்பாளர் ஒப்புக்கொண்டார். மேற்பார்வையாளர் தான் பார்த்துக்கொள்வதாகக் கூறியதால், அவரிடம் சாவியை ஒப்படைத்துவிட்டு மாலை 6 மணிக்குக் கிளம்பியதாகவும், குழாய் மூடியிருந்ததாக நினைத்ததாகவும் கூறினார்."

படிக்கச் சரளமாக இருக்கிறது. பதிவோடு வைத்துப் பாருங்கள். "ஒப்புக்கொண்டார்" பதிவில் இல்லாத குற்ற உணர்வைக் கொண்டுவருகிறது. "கூறியதால்" என்ற காரணத் தொடர்பைச் சாட்சி சொல்லவில்லை, "நானும்" என்றுதான் சொன்னார். யாரிடம் சாவி கொடுத்தார் என்பது பதிவிலேயே இல்லை. மேற்பார்வையாளரிடம்தான் கொடுத்திருப்பார் என்று நமக்குத் தோன்றுகிறது, அது நம் ஊகம். "போல" காணாமல் போயிற்று. "மூடியிருக்கும்" என்ற எதிர்பார்ப்பு "மூடியிருந்ததாக" என்று பார்த்தது போல மாறிவிட்டது. நேரில் பார்க்கவில்லை என்ற முக்கியமான வரியே விடுபட்டுவிட்டது.

திருத்திய வடிவம்:

"12.03.2024, செவ்வாய்க்கிழமை மாலை அறையைப் பூட்டவில்லையா என்று கேட்டதற்குப் பராமரிப்பாளர் இல்லை என்றார். விளக்கம் கேட்டபோது, தாம் பூட்டவில்லை என்று கூறினார். எப்போதும் அறையைப் பூட்டுபவர் தாமே என்றும், அன்று குழாயைப் பழுதுபார்க்க ஆட்கள் வந்திருந்ததாகவும் தெரிவித்தார். மேற்பார்வையாளர் வந்து, தம்மைக் கிளம்புமாறும், சாவியை மறுநாள் (13.03.2024) வாங்கிக்கொள்ளுமாறும், மேற்பார்வையாளரே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார் என்று பராமரிப்பாளர் கூறினார். தாமும் சாவியைக் கொடுத்துவிட்டு ஏறக்குறைய 6 மணிக்குக் கிளம்பிவிட்டதாகக் கூறினார். (சாவியை யாரிடம் கொடுத்தார் என்பது பதிவில் இல்லை.) குழாய் மூடியிருந்ததா என்று கேட்டதற்கு, மூடியிருக்கும் என்றே நினைத்ததாகவும், சென்று பார்க்கவில்லை என்றும் பதிலளித்தார்."

அடைப்புக்குள் இருக்கும் அந்த ஒரு வரியால் விசாரணையே வேறு பக்கம் திரும்பலாம். அலுவலர் அடுத்த முறை முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

எப்போது நேர்க்கூற்றை அப்படியே விடுவது?

சொன்ன விஷயத்தைவிடச் சொன்ன சொற்களே சர்ச்சையாக இருக்கும்போது. "மரியாதைக் குறைவாகப் பேசினார்" என்று புகார் வந்தால், "நீ" என்று அழைத்தாரா "நீங்க" என்று அழைத்தாரா என்பதே விஷயம். அயற்கூற்றில் இரண்டும் "தம்மை" ஆகிவிடும். "மரியாதைக் குறைவாக" என்பது நம் தீர்ப்பு. ஆகவே மேற்கோள் குறிக்குள் பேச்சு வழக்கிலேயே வையுங்கள். எழுத்து வழக்குக்குத் திருத்திய சொற்களை மேற்கோள் குறிக்குள் போடக் கூடாது. குறி போட்டுவிட்டால் உள்ளே இருப்பது அவர் வாயிலிருந்து வந்ததாகவே இருக்க வேண்டும்.

ஒற்று எங்கே மிகும்?

"என்று கூறினார்" மிகாது. "எனக் கூறினார்" மிகும். "வந்ததாகக் கூறினார்" மிகும். "வருமாறு கூறினார்" மிகாது. "வந்ததைக் கூறினார்" மிகும், ஆனால் அந்த "ஐ"யைப் பற்றி மேலே சொன்னதை ஒரு முறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எழுதி முடித்த பிறகு சரியாக மாற்றியிருக்கிறேனா என்று எப்படிப் பார்ப்பது?

பதிவை மூடி வைத்துவிட்டு, உங்கள் அயற்கூற்றை மீண்டும் நேர்க்கூற்றாக்கிப் பாருங்கள். "கிளம்பிவிட்டதாகக் கூறினார்" என்பதை "கிளம்பிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு பதிவைத் திறந்து ஒப்பிடுங்கள். சொற்கள் மாறியிருக்கலாம். புதிதாக ஓர் ஆளோ, ஒரு காரணமோ, ஓர் உறுதியோ நுழைந்திருந்தால் அது நீங்கள் சேர்த்தது. நான் இதை முழு அறிக்கைக்கும் செய்வதில்லை, நேரம் போதாது. யார் செய்தார், எப்போது செய்தார், யாரிடம் கொடுத்தார் என்று வரும் வாக்கியங்களுக்கு மட்டும் தவறாமல் செய்கிறேன். முடிந்த இடங்களில், பேசியவரிடமே அவருடைய பகுதியைப் படித்துக் காட்டிவிடுகிறேன்.